நான்காம் எண் சேஞ்ச் ஆர்டர்

தனகோடி சாரைப் போல ஒரு பேஜார் பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோனாலும் அவர் மனைவி சம்பூர்ணம் அக்கா சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் அவர் காதில் ஏறாது. "உங்க சாருக்கு கண்ணு மட்டும்தான்ப்பா இருக்குது, காது இல்ல" என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நெமிலிக்காரர். வயது ஐம்பத்திமூன்று. எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனியில் பில்லிங் இன்ஜினியர். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை ஏதாவது சைட்டில் முளைத்தால் அதற்கு சேஞ்ச் ஆர்டர் கோரிக்கை எழுதுவதுதான் அவருடைய முக்கிய வேலை. என்ன வேலை கூடுதல், ஏன் வந்தது, எந்த டிராயிங்கில் எந்த இடம், அளவு எவ்வளவு, செலவு எவ்வளவு ஏறும், எத்தனை நாள் தள்ளும் என்று எல்லாம் எழுதி, போட்டோ இணைத்து, முதலாளி தரப்புக்கு, அதாவது கட்டடம் கட்டச் சொன்ன கம்பெனிக்கு, அனுப்புவார். அங்கிருந்து கையெழுத்து வரும்வரை ஒரு கடப்பாரை மண்ணில் இறங்கக் கூடாது. நான் சைட் சூப்பர்வைசர். எனக்கும் அவருக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

போன வருடம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் புது ஷெட் கட்டினோம். தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்று இடிந்து, வருடக்கணக்கில் முள்ளு மண்டிக் கிடந்த நிலம். ஏழாவது தூணுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஜேசிபி வாளி கல்லில் இடித்தது. மேலே மூடியிருந்த பலகைக் கல்லைப் புரட்டினால், கீழே கல் கட்டிய சதுரக் குழி. தோல் ஊறவைக்கும் பழைய சுண்ணாம்புக் குழி. அதில் கழுத்தளவு கறுப்புச் சேறு. டிராயிங்கில் அப்படி ஒரு குழியே இல்லை.

அந்தக் குழியைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றி நாலு பேர் பேசிக்கொண்டு நின்றோம், குழிக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் பேச்சு தானாக நின்றுவிட்டது. காக்கா கூட அந்தப் பக்கம் உட்காரவில்லை. சேற்றில் அடிக்கொரு தரம் ஒரு குமிழி வந்து உடைந்தது, யாரோ கீழே மூச்சு விடுகிற மாதிரி.

தனகோடி சார் அந்தத் தூண் வேலையை நிறுத்தச் சொன்னார். அன்றைக்கே நோட்டீஸ் அனுப்பினார். முதலாளி தரப்பு ஆளைக் கூட்டிவந்து இரண்டு பேருமாக அளவெடுத்தார்கள். நான்காம் எண் கோரிக்கை தயாரானது. விஷவாயு பரிசோதனை, ஆள் இறங்காமல் டேங்கர் லாரியில் சேற்றை உறிஞ்சுவது, அதை உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைப்பது, குழியைக் கான்கிரீட்டால் நிரப்புவது, ஒன்பது நாள் கூடுதல் அவகாசம். ஒப்பந்தத்தில் ரேட் இல்லாதவற்றுக்கு மூன்று கொட்டேஷன் வேறு. அனுமதி தர அதிகாரம் உள்ளவர் ஒப்பந்தப்படி ஒரே ஒருவர், முதலாளி தரப்பு புராஜெக்ட் மேனேஜர் காஷிஃப். அவர் அம்மாவின் ஆபரேஷனுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மூன்று நாள் போனது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. நாலாம் நாள் பட்டப்பகல் பதினோரு மணிக்கு என் செல்லில் காஷிஃப் சார் பெயர் வந்தது.

"தம்பி, ரெண்டு பேரை உள்ள எறக்கு. அடி வரைக்கும் எடுத்துடு. பேப்பர் அப்பால பாத்துக்கலாம்."

அவர் குரல்தான். பின்னால் மட்டும் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அப்பாடா என்று கூலியாள் பூங்காவனத்தையும் அவன் மச்சான் பரந்தாமனையும் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி வைத்தார்கள். ஏணியை இறக்கினோம். பூங்காவனம் முதல் படியில் கால் வைத்தான்.

"மேல வாடா!" தனகோடி சார் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "யாரு எறங்கச் சொன்னது?"

"காஷிஃப் சார் போன்ல சொல்லிட்டார் சார்."

"எழுத்துல எங்க?"

"சார், சும்மா இருங்க சார். சேறு எடுக்குறதுக்கு இன்னா கையெழுத்து?"

"எழுத்துல இல்லன்னா அவர் சொல்லல. அவ்ளோதான். அந்தப் போனை எடு, திருப்பிக் கூப்புடு."

கோபத்தோடு செல்லை எடுத்தேன். பதினோரு மணிக்கு வந்த அழைப்பு லிஸ்டில் இல்லை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லவே இல்லை. நம்பரைப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் அவரே பேசினார். "செல்வகுமார், நான் உங்களுக்குப் பண்ணவே இல்லையே. காலைல இருந்து ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல இருக்கேன், போன் ஆஃப்ல கெடக்குது." அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு நாளும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை சைட் ஆபீஸ் பூட்டைத் திறந்தேன். தனகோடி சார் மேஜைமேல் சேஞ்ச் ஆர்டர் ஃபாரம் ஒன்று கிடந்தது. ஈரமாக இருந்தது. புளித்த தோல் வாடை அறை முழுக்க. நடுங்குகிற எழுத்தில் யாரோ நிரப்பியிருந்தார்கள்.

வேலை: அடி வரைக்கும் எடுக்கணும். செலவு: ரெண்டு ஆள்.

அனுமதிக் கட்டத்தில் கையெழுத்துக்குப் பதில் இரண்டு கைநாட்டு. வெள்ளைச் சுண்ணாம்பில்.

சாவி எங்கள் இருவரிடம் மட்டும்தான். தனகோடி சார் வந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். அவர் முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் ஒப்பந்தத்தைப் பிரித்து, அதிகாரம் பெற்றவர் பெயர் உள்ள பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல இவங்க இல்ல. இது செல்லாது" என்றார்.

அடுத்த நாள் காஷிஃப் சார் வந்துவிட்டார். முதல் காரியமாக வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் விட்டோம். நாலடி இறங்குவதற்குள் அது வீல் என்று கத்தியது. இந்த அளவு இருந்தால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான் என்றார் மீட்டர் கொண்டுவந்தவர். பூங்காவனம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. காஷிஃப் சார் அங்கேயே நின்று நான்காம் எண் கோரிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்து, கையெழுத்து போட்டு, தேதி போட்டார்.

டேங்கர் இரண்டு நாள் உறிஞ்சியது. மூன்றாம் நாள் மதியம், அடிக்கல் தெரிகிற நேரத்தில், குழாய்க்காரன் கையைக் காட்டி மோட்டாரை நிறுத்தினான்.

மூலையில், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்த மாதிரி, இரண்டு பேர். எலும்புதான். மேலே கிடந்தவனின் கை கீழே கிடந்தவனின் இடுப்பில் இருந்தது. முதலில் விழுந்தவனைத் தூக்கப்போய் இரண்டாமவனும் விழுந்திருக்க வேண்டும். அதன்பிறகு யாரோ மேலே கல்லைப் போட்டு மூடிவிட்டார்கள்.

போலீஸ் வந்தது, வி.ஏ.ஓ. வந்தார். எந்தக் காலத்து ஆட்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கூலி ரிஜிஸ்டர் எங்கேயும் கிடைக்கவில்லை. போங்கடா என்று யாரோ வாயால் சொல்லித்தான் அவர்கள் இறங்கியிருப்பார்கள். வெளியே எடுங்கள் என்று கேட்க அத்தனை வருடம் அவர்களுக்கு யாரும் கிடைக்கவில்லை.

தனகோடி சார் அந்தச் சுண்ணாம்புக் கைநாட்டுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க எடுத்துவந்தார். என் பக்கத்தில் நின்று, செலவுக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"நம்மகிட்ட கேக்குறாங்கன்னு நெனச்சோம். இது அவங்க ஏற்கெனவே கட்டின செலவு, செல்வம்."

நான் அந்த இரண்டு கைநாட்டையும் பார்த்தேன்.

"அன்னிக்கி நீ எறக்கி விட்டிருந்தா இதுல நாலுன்னு இருந்திருக்கும்."

அந்தப் பக்கம் பூங்காவனமும் பரந்தாமனும் எலும்புகளை மூட வெள்ளைத் துணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "வுடுண்ணா, நாங்க பாத்துக்குறோம்" என்றான் பூங்காவனம்.