ஆதாரில் ஏறிய பத்து வயது

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் என்று தெரிந்தால் போதும், ஊரில் யாருக்கு எந்தக் கணக்கு மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் தேடுவார்கள். அன்று தர்மபுரியில் வக்கீலாக இருக்கும் நண்பர் கூப்பிட்டிருந்தார்.

நல்லம்பள்ளிப் பக்கத்து அக்காவும் தம்பியும் அவர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிலம் தம்பிக்கு, அக்காவுக்கு உயிருள்ளவரை வருஷத்துக்கு ஐம்பதாயிரம் என்று அப்பா எழுதிவைத்திருந்தார். தம்பி இப்போது நிலத்தை விற்கிறார். அக்காவின் பணத்தை ஒரே தொகையாகத் தீர்க்க வேண்டும். அக்காவான அந்த அம்மாவும் சம்மதித்துவிட்டார். மகளின் இடுப்பு ஆப்பரேஷனுக்கு நாலு லட்சம் கேட்கிறார்களாம்.

அந்த அம்மாவுக்கு ஆதாரில் வயது எழுபத்திரண்டு. ஆயுள் அட்டவணையை விரித்தேன்.

"இந்த வயசுல ஆயிரம் பேர் இருந்தா, அடுத்த வருஷம் 955 பேர் இருப்பாங்கம்மா. அதனால ஐம்பதாயிரத்தை 0.955ஆல பெருக்கணும். ஒரு வருஷம் கழிச்சு வர்ற பணம் இல்லீங்களா, ஆறு சத வட்டிக்கு 1.06ஆல வகுக்கணும். முதல் வருஷத்துக்கு இன்னைக்கு மதிப்பு 45,047. ரெண்டாவது வருஷம் 908 பேர், ரெண்டு வருஷ வட்டி. 40,406. இப்படியே கடைசி வயசு வரைக்கும் போட்டுக் கூட்டணும்."

கூட்டினால் மூன்று லட்சத்து முப்பத்து நாலாயிரம் வந்தது.

"நாலு வராதுங்களா சார்?" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் தம்பியின் ஆதாரைப் பார்த்தேன். வயது அறுபது.

"தம்பிக்கும் உங்களுக்கும் எத்தனை வருஷம்மா வித்தியாசம்?"

"ரெண்டுங்க."

விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷன் இறந்ததும், அறுபது வயதில் கிடைக்கும் முதியோர் பென்ஷனுக்காக அக்காவுக்குப் பத்து வயதை ஏற்றியிருந்தார்கள்.

"நான்தான் அலைஞ்சு ஏத்திக் குடுத்தேன். அக்கா கஷ்டப்படுதேன்னு," என்று தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அறுபத்திரண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு லட்சத்து அறுபத்து நாலாயிரம். எனக்கு எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"ரெக்கார்டுல இருக்கற வயசுக்குத்தான் கணக்கு. மாத்தப் போனா, இத்தனை வருஷம் வாங்குன பென்ஷனைக் கேப்பாங்க," என்றார் வக்கீல்.

தம்பியைப் பார்த்தேன். மிச்சத்தை நான் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. நிலத்தை விற்கிறவருக்கும் கடன் இருக்கும், யாருக்குத் தெரியும்.

எழுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் ஒரு தப்பும் கிடையாது.

அந்த அம்மா தாளை வாங்கி மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஆயிரம் பேர்ல எம்மவ இருக்காளாங்க சார்?"

அந்த வரியில் எழுபத்திரண்டு வயதுக்காரர்கள் மட்டும்தான். நான் அட்டவணையை மூடிவைத்தேன்.