படத்தில் மட்டும் இருந்த துரு

என் தம்பி பெண்டாட்டியை எங்கள் வீட்டில் பூட்டு என்றுதான் கூப்பிடுவோம். வாயைத் திறக்கவே மாட்டாள். அவள் அம்மாவும் அப்படித்தான், அம்மாவின் தாய்மாமனும் அப்படித்தான். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் டாக்டரிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை நாள்?”

அவன் போனபின், தெருவைப் பார்த்த அறையில் தையல் மெஷினைப் போட்டுப் பிழைத்தாள். ஜன்னலுக்கு நேரே ஒரு இரும்பு விளக்குக் கம்பம். பதினெட்டு வருஷமாக அதைப் பார்த்தபடியே ஊசியில் நூல் கோத்தாள். விளக்கு அணைந்து மாசமாகியிருந்தது. அது பெரிசில்லை. அடியில் துரு தின்று, கம்பம் தெருப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. காற்றடித்தால் முனகும். அந்தச் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பாள்.

ஒருநாள் செல்போனில் மூன்று படம் எடுத்து நகராட்சிக்குப் புகார் போட்டாள். எழுதியது இவ்வளவுதான்: ‘விளக்கு எரியவில்லை. மற்றதைப் படத்தில் பார்க்கவும்.’ திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு புகார் எண் வந்தது. முடிந்தது என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் போர்வைக்கு ஓரம் தைக்க நான் போனபோது போனைப் பார்த்தபடி சிலைபோல உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, பேயைக் கண்ட மாதிரி?”

“படம் ஏறல, அண்ணி.”

“போகட்டும், மறுபடி ஏத்து.”

“பல்பு மாத்த ஆள் அனுப்பிட்டாங்க. இன்னிக்கே.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பல்பு மாற்ற வருகிறவன் ஏணியைச் சாத்துவான். சாத்துவது அந்தக் கம்பத்தின் மேல்.

புகார் நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“கம்பம் விழுந்துரும். ஆளை ஏற விடாதீங்க.”

“உங்க நம்பர்லேர்ந்து நேத்தே விளக்குப் புகார் இருக்கும்மா. ஆள் கிளம்பிட்டாரு. கூப்பிட்டுப் பார்க்கறேன், வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாரு. ஆபத்துன்னு மாத்தணும்னா விவரம் வேணும். படமும் இல்ல. சும்மா சாஞ்சிருக்குன்னா தெருவுக்கு நாலு கம்பம் சாஞ்சிருக்கு. கம்பத்து நம்பர்?”

“நம்பர் மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. தையல் கடை ஜன்னலுக்கு எதிர்ல. முனையிலேர்ந்து நாலாவது.”

“எவ்வளவு சாஞ்சிருக்கு? கண்ணால பார்த்த மாதிரி சொல்லுங்க.”

பூட்டு போனை என் கையில் திணித்துவிட்டு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவும் கையில் நூலும் கத்தரிக்கோலுமாக வெளியே ஓடினாள். வானம் இருண்டு, குப்பை சுழன்றுகொண்டிருந்தது. சாய்ந்த பக்கம் தலைக்கு மேலே கம்பத்தோடு நூலை வைத்து, நுனியில் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டாள். அடியில் குனிந்து சுற்றளவு எடுத்தாள். பாவாடைக்கு அளவெடுப்பதுபோலத்தான் எடுத்தாள்.

அங்கிருந்தே கத்தினாள்: “ஆறடி உயரத்துல விட்ட நூல், தரையில கம்பத்தை விட்டு அஞ்சு இஞ்ச் தள்ளி நிக்குது! அடிச்சுத்து பதினெட்டு இஞ்ச், அதுல பதினொண்ணு துரு தின்னாச்சு! ஓட்டைக்குள்ள ரெண்டு விரல் போகுது! ஒயர் மூடியும் இல்ல!”

அந்த வீட்டில் அவ்வளவு பேச்சை நான் கேட்டதே இல்லை. ஒன்றுவிடாமல் போனில் ஒப்பித்தேன். அந்தப் பெண் எழுதிக்கொள்ளும் சத்தம் நின்றது.

“ஆள் இன்னும் போனை எடுக்கலைம்மா. நீங்களே நிறுத்துங்க.”

அதற்குள் வண்டி வந்துவிட்டது. நடுத்தர வயது லைன்மேன் ஏணியை இறக்கிக் கம்பத்தில் சாத்தினார். கம்பம் முனகியது.

“ஏறாத தம்பி!” என்று பூட்டு கத்தினாள்.

“என்னக்கா, பல்புக்கு எதுக்கு இந்தக் கூப்பாடு? வேலைச் சீட்டுல விளக்கு எரியலைன்னுதான் இருக்கு.” முதல் படியில் கால் வைத்துவிட்டார்.

பூட்டு அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். “நான்தான் தப்பா எழுதினேன். கீழ பாரு. பார்த்துட்டு ஏறு!”

சலித்துக்கொண்டே இறங்கி, அடியைத் திருப்புளியால் தட்டினார். ‘ணங்’ என்று கேட்க வேண்டியது ‘பொத்’ என்றது. இன்னொரு தட்டு. திருப்புளி பிடிவரை உள்ளே போய்விட்டது.

அவர் ஏணியைக் குழந்தையைத் தூக்குவதுபோல மெல்ல எடுத்தார். தெருமுனை மின்பெட்டியில் தெரு லைன் முழுவதையும் அணைத்தார். கயிறு கட்டி ஆட்களைத் தடுத்தார். கிரேன் வரச் சொல்லிப் போன் போட்டார்.

“வீட்டுல ரெண்டு பொண்ணுங்கக்கா,” என்றார்.

வண்டியில் ஏணியை ஏற்றப் போனவர் என்னவோ நினைத்து நின்றார். பக்கத்துக் கம்பத்தடியில் குனிந்து தட்டினார்.

பொத்.

அதற்கடுத்ததையும் தட்டினார். அந்தச் சத்தம் ஜன்னல்வரை கேட்டது.

“எல்லாம் ஒரே வருஷம் நட்டது,” என்றார், எங்களைப் பார்க்காமல்.

தெருவில் பதினோரு கம்பம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம். காற்று ஏறிக்கொண்டிருந்தது. பூட்டு தரையில் கிடந்த நாடாவை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். என்னிடமிருந்து போனை வாங்கி, மறுபடி அதே நம்பரை அழுத்தியபடி அடுத்த கம்பத்தை நோக்கி நடந்தாள்.

“எழுதிக்கோம்மா,” என்றாள். “அஞ்சாவது.”