ஒன்பதாம் படுக்கைக்கு எழுதிய வரி

கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதை எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். வளைவுக்கு வளைவு பலகையும் உண்டு. எங்கள் மருத்துவமனை வார்டிலிருந்து என் குடியிருப்புக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள் என்பதை எண்ணியவன் நான் ஒருவன்தான். அரசு வேலையில் ஓய்வு பெற்று, ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்த இருபத்து நான்கு படுக்கை மருத்துவமனைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. பகலில் நான். இரவில் ஒரு இளம் டாக்டர். செயற்கைச் சுவாச இயந்திரம் இங்கே கிடையாது. அது வேண்டும் என்றால் கீழே போக வேண்டும். ஆம்புலன்ஸில் இரண்டரை மணி நேரம், பனி இறங்கிவிட்டால் மூன்று.

தினமும் மாலை ஐந்து மணிக்கு இரவு டாக்டருக்கான பட்டியலை எழுதுவேன். வார்டில் இருக்கும் எல்லோரும் அதில் வரமாட்டார்கள். உடம்பு மோசமாக இருப்பவர்கள் மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், இரவில் எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும், யாரை முதலில் பார்க்க வேண்டும், நிலை எதுவரை இறங்கினால் என்னைக் கூப்பிட வேண்டும், எந்தச் சிகிச்சைக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவும் ஒரே தாளில் அடங்க வேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. தாளின் அடியில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கும். நானே எழுதி நகலெடுத்து வைத்தது: 'ஆக்ஸிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழே வந்தால் கூப்பிடவும்.' அந்த வரியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. எண் இருக்கும் இடத்தில் குழப்பம் இருக்காது என்று நம்பினேன்.

அப்போது இரவுப் பணியில் இருந்தவர் சமவெளியிலிருந்து வந்த பெண் டாக்டர். படிப்பு முடித்து முதல் வேலை. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே இரவில் மூன்று தடவை என்னை எழுப்பினார். மூன்றும் ஒன்றுமில்லாத விஷயங்கள். மூன்று முறை அந்தப் படிகளில் இறங்கி ஏறியவனுக்கு மறுநாள் காலையில் கோபம் இருந்தது. சிஸ்டர்கள் இருவர் முன்னால் வைத்தே சொன்னேன், எழுதியிருக்கும் எண்ணுக்கு வந்தால் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம் என்று. அவர் தலையாட்டினார். அதன் பிறகு பதினெட்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தொன்பதாவது நாள் பட்டியலில் நான்கு பேர். சர்க்கரை நோயில் காலில் புண் உள்ள ஒருவர். இரவு பத்துக்கும் இரண்டுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். பாம்பு கடித்த ஒருவர். பத்துக்கும் நாலுக்கும் இரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற இருவர்தான் முக்கியம்.

மூன்றாம் படுக்கையில் இதே மலையின் வாழவந்தி நாட்டுப் பெரியவர். நுரையீரல் பல வருடமாகக் கெட்டுப்போனவர். அவருக்கு எண்பத்தெட்டு என்பதே நல்ல நாளின் அளவு. கீழே அனுப்புவதா, தொண்டையில் குழாய் போடுவதா என்று அன்று மதியம் அவரிடமும் இரண்டு மகன்களிடமும் ஒரு மணி நேரம் பேசினேன். மகன்கள் தயங்கினார்கள். அவர்தான் தெளிவாகச் சொன்னார்.

"நாலு பேரு கட்டித் தூக்கிட்டு எறங்கறதுக்கு நான் என்னுங்க, பலாப்பழமா? இங்கயே பாருங்க. முடிஞ்ச வரைக்கும் மூச்சு முட்டாம வெச்சுக்குங்க, போதும்."

அதை அப்படியே கோப்பில் எழுதினேன். பட்டியலிலும் விரிவாக எழுதினேன். கீழே அனுப்ப வேண்டாம், குழாய் வேண்டாம், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம். செய்ய வேண்டியவற்றையும் எழுதினேன்: ஆக்ஸிஜன் எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவில், புகை மருந்து, ஊசி மருந்துகள், திணறல் தாங்காவிட்டால் குறைந்த அளவு மார்ஃபின், அடியில் உள்ள 'தொண்ணூறுக்குக் கீழே' என்ற வரி இவருக்கு இல்லை. பதினொரு வரிகள். பெயருக்கு எதிரே 'முதலில் பார்க்க' என்று போட்டேன்.

ஒன்பதாம் படுக்கையில் நாற்பத்தாறு வயதுப் பெண். மிளகு பறிக்கப் போகிறவர். ஆறு நாள் காய்ச்சல், அக்குளுக்குக் கீழே சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல் என்று பார்த்ததும் தெரிந்தது. காலையிலேயே மருந்து தொடங்கிவிட்டேன். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு நாலு லிட்டர் ஆக்ஸிஜன், அளவு தொண்ணூற்று நான்கு. மூச்சு எண்ணிக்கை இருபத்திரண்டு என்று குறிப்பேட்டில் இருந்தது. மூச்சை எண்ணாமலே எல்லோருக்கும் இருபத்திரண்டு எழுதுவது வார்டுகளில் பழைய வழக்கம். அன்று பதினேழு நோயாளிகளில் பதினான்கு பேருக்கு இருபத்திரண்டு. அதைக்கூட எண்ணிப் பார்த்தேன். ஒன்பதாம் படுக்கைக்காரியின் மூச்சை மட்டும் எண்ணவில்லை. அவருக்கு நான் எழுதியது ஒரே வரி: 'உண்ணிக் காய்ச்சல், மருந்து தொடரவும்.' வரிசையில் நாலாவது. எதற்கு மேல் போகக் கூடாது என்று எழுதும் எல்லைக் கட்டம் காலி.

வராந்தாவில் அவர் கணவர் காத்திருந்தார். வார்த்தைகளை அளந்து பேசுகிறவர்.

"ஏனுங்க டாக்டரய்யா, கீழ கூட்டிட்டுப் போயிரலாமுங்களா? பக்கத்து ஊட்டு ஜீப்பச் சொல்லி வெச்சிருக்கேன்."

தொண்ணூற்று நான்கு நல்ல எண், மருந்து பிடிக்க இரண்டு நாளாகும், அவசரப்பட வேண்டாம் என்று சொன்னேன். சரிங்க என்று போய் ஜீப்பை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஆறு மணிக்கு இரவு டாக்டரிடம் பட்டியலைப் படித்து ஒப்படைத்தேன். எனக்கு ஆறரைக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் நெஞ்செரிச்சல். ஏழு நிமிடம் பேசினேன், அதில் ஐந்தரை நிமிடம் மூன்றாம் படுக்கைக்கு.

இரவு நடந்ததைக் குறிப்பேட்டிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது பத்துக்கு அந்தப் பெண்ணின் அளவு சரியாகத் தொண்ணூறு. சிஸ்டர் ஆக்ஸிஜனை ஆறு லிட்டராக்கினார், தொண்ணூற்றைந்து ஆயிற்று. பதினொன்று நாற்பதுக்கு முகமூடி மாட்டி எட்டு லிட்டர், தொண்ணூற்று நான்கு. இரண்டு மணிக்குப் பை வைத்த முகமூடி, பத்து லிட்டர், தொண்ணூற்று மூன்று. முதல் இரண்டு முறையும் இரவு டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். மூன்றாவது முறை அவர் பெரியவரிடம் இருந்தார். ஒரு மணிக்குப் பெரியவருக்குத் திணறல் கூடியிருந்தது. நான் எழுதிய பதினொரு வரிகளையும் ஒன்று விடாமல் செய்து, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

ஆக்ஸிஜனை ஒவ்வொரு முறை கூட்டும்போதும் அந்தப் பெண்ணின் எண் நன்றாகவே இருந்தது. நுரையீரல்தான் மோசமாகிக்கொண்டிருந்தது. எத்தனை லிட்டருக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு வந்தால் கூப்பிட வேண்டும் என்று என் பட்டியல் கேட்கவேயில்லை. தொண்ணூறுக்குக் கீழே என்ற என் வரியும் கீழே ஊருக்குள் ஐந்து நிமிடத்தில் வென்டிலேட்டர் கிடைக்கிற இடத்தில் பழகிய வரி. மலையில் இருப்பவன் அதோடு இரண்டரை மணி நேரத்தையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

மூன்று முப்பத்தாறுக்கு போன் வந்தது. "சார், தொண்ணூறுக்குக் கீழ வந்திருச்சு சார். எண்பத்தாறு." என் வரியை என்னிடமே ஒப்பிப்பதுபோல் இருந்தது. போய் மூச்சை எண்ணினேன், ஒரு முழு நிமிடம். நாற்பத்து நாலு. டிரைவரை ஊருக்குள் ஆள் அனுப்பி எழுப்பி, சிலிண்டர்களை ஏற்றிக் கிளம்ப நாலரை ஆயிற்று. நானும் உடன் போனேன். பனியில் வண்டி ஊர்ந்தது. கணவர் எதிரே உட்கார்ந்து மனைவியின் காலைப் பிடித்திருந்தார். ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்து உடனே இயந்திரத்தில் வைத்தார்கள். நாலாம் நாள் இறந்துபோனார்.

ஒன்பது பத்துக்கே கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அன்று மாலை ஜீப் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

அறக்கட்டளையின் நிர்வாகி மேலே வந்து விசாரித்தார். என் அறையில் நாங்கள் மூவர். பட்டியலில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். தொண்ணூறுக்குக் கீழே வந்தால் கூப்பிடச் சொல்லி எழுதியிருந்தேன், வந்ததும் கூப்பிட்டார் என்றேன். ஒரு சொல்லிலும் பொய் இல்லை. நிர்வாகி இரவு டாக்டர் பக்கம் திரும்பி, ஆக்ஸிஜனை மூன்று தடவை ஏற்றும்போது உங்களுக்கே தோன்றவில்லையா என்று கேட்டார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு.

பெரியவர் ஒன்பதாம் நாள் தேறி, பஸ் ஏறி ஊருக்குப் போனார். போகும்போது இரவு டாக்டரைத் தேடி, "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணின் கணவர் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தார். ஒரு போர்வையும் சாப்பாடு கொண்டுவந்த ஒரு தூக்குப்போசியும் வார்டில் விட்டுப்போயிருந்தது. வாங்கிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். இந்தக் காய்ச்சல் வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா என்று மட்டும் கேட்டார். தொற்றாது, காட்டில் கடிக்கிற பூச்சியால்தான் வரும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஜீப்பை வேண்டாமென்று சொல்ல வைத்தவன் நான்தான் என்று அவரிடமும் சொல்லவில்லை.

இரவு டாக்டர் இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். கடைசி நாள் மாலை சாவியைக் கொடுக்க வந்தவரிடம், பட்டியல் என்னுடையது, தவறும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அறுபத்தோரு நாள் தாமதம். அவர் அழவில்லை, சாவியை மேசையில் வைத்தார்.

"ஒம்பது பத்துக்கே உங்கள எழுப்பலாமான்னு போனைக் கையில எடுத்தேன் சார். அவங்க பேச்சு அறுந்து அறுந்து வந்துச்சு. ஆனா நீங்க எழுதினதுல அது இல்ல. எழுதாததுக்கு எழுப்பினா சிஸ்டருங்க முன்னால மறுபடியும் சொல்லுவீங்கன்னு வெச்சுட்டேன்."

நான் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

இப்போது தாள் மாறியிருக்கிறது. மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், ஒரு முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும். ஆக்ஸிஜனை இரண்டு லிட்டர் ஏற்றினாலே அழைப்பு. கீழே அனுப்ப நேரலாம் என்று தோன்றுகிறவர்களுக்கு மாலை ஆறு மணிக்கே முடிவு. டிரைவருக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும். எல்லைக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது; எல்லை இல்லை என்றால் 'எல்லாம் செய்யலாம், கீழே அனுப்பலாம்' என்று எழுத வேண்டும். அடியில் 'தொண்ணூறுக்குக் கீழே' என்ற வரிக்குப் பதிலாக, 'மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் கூப்பிடவும், எண் வேண்டாம்.'

புதிய இரவு டாக்டர் வந்து ஐந்து மாதம். இதுவரை ஒரு தடவைகூட அந்தக் கடைசி வரிக்காக என்னைக் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்ட நிலை யாருக்கும் வரவில்லையா, அல்லது முன்பு நான் சொன்னதை சிஸ்டர்கள் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்களா, தெரியவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் இரவு ஒன்பது மணிக்கு நானே படியிறங்கிப் போகிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நிமிடம் நிற்கிறேன்.

"ஏனுங்கய்யா, தூக்கம் வரலீங்களா?" என்று சிஸ்டர் கேட்பார். எண்ணிக்கை விட்டுப்போகுமே என்று நான் பதில் சொல்வதில்லை.