அழித்தாலும் வருகிற வரி

கணினிக்குள் புகுந்தவர்களைத் தேடிப் பிடிப்பது என் பிழைப்பு. தாராவியில் தோல் பை தைத்து ஏற்றுமதி செய்யும் ஒருவரின் கடைக் கணினியிலிருந்து வாடிக்கையாளர்களுக்குக் கண்ட கண்ட மின்னஞ்சல் போகிறதென்று செம்பூரிலிருந்து என்னை வரவழைத்தார்கள். நான் உட்காருமுன்பே, கடையில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கணக்கெழுதுகிற பெண் எதையோ அமுக்கிவிட்டாளாம், இந்த மாதத்தோடு அவளை நிறுத்தப் போகிறாராம். அந்தப் பெண் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

முதலில் நெட் வயரைப் பிடுங்கினேன். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரன் என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதியிருப்பதை, ஆள் லாகின் செய்ததும் விண்டோஸ் கேள்வி கேட்காமல் ஓட்டும். அங்கே பிரவுசர் அப்டேட் என்ற பெயரில் ஒரு வரி. அது காட்டிய கோப்பு, பிரவுசருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஃபோல்டரில் கிடந்தது. நகல் எடுத்து வைத்துக்கொண்டு வரியை அழித்தேன். எனக்கு முன்னால் வந்த மெக்கானிக்கும் இதைத்தான் செய்து, வேலை முடிந்ததென்று போயிருக்கிறார். ஒரு கட்டிங் டீ குடித்துவிட்டுப் பார்த்தால் வரி மறுபடி அங்கே இருந்தது. ரீஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. எரிச்சலாக வந்தது.

வேறெதுவோ அதைத் திரும்ப எழுதுகிறது என்று, குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தேன். ஒரு டாஸ்க், சில நிமிடங்களுக்கு ஒருமுறை, திரையில் ஜன்னல் காட்டாமல், கட்டளைகளை நிறைவேற்றும் பவர்ஷெல்லை ஓட்டி அந்த வரியை எழுதிக்கொண்டிருந்தது. எந்த லாகினில் போட்டது என்பது அதன் விவரத்திலேயே இருந்தது. இருந்து என்ன? முதலாளி முதல் பேக்கிங் ஆள் வரை அந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மிஞ்சியது தேதி. டாஸ்க் பதிவான நேரமும், டவுன்லோட்ஸில் கிடந்த ஓர் இன்ஸ்டாலரின் நேரமும் ஒரே காலையைக் காட்டின. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை நேரம். அதைச் சொன்னேன். அந்த நேரத்தில் கணக்கெழுதும் பெண் கோயிலில் பாடகர் குழுவில் நிற்பாள் என்பது முதலாளிக்கே தெரியும். அவர் ஸ்கிரீனில் அந்த இன்ஸ்டாலரின் பெயரைப் படித்தார்.

"டிசைன் சாஃப்ட்வேர் ஃப்ரீயா கெடைக்குன்னு நாந்தான் போட்டேன்," என்றார். "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்லிச்சு. பண்ணுனேன்."

அவளிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ, வாடிக்கையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் ஊழியர் தவறு என்று பொதுவாகப் போட முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, அதற்காக நான் வருந்தவில்லை. டாஸ்க்கை எடுத்தாலும் வரியை அழித்தாலும் இனி இந்த மெஷினை நம்ப முடியாது, துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்ற வேண்டும் என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெண் வாய் திறந்தாள். முதலாளியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"புதுசா போடும்போது எனக்குன்னு தனி லாகின் போட்டுத் தாங்க சார். பாஸ்வேர்ட நானே வச்சுக்கிடுதேன். அண்ணாச்சிக்குக்கூடச் சொல்ல மாட்டேன்."