மூன்று தரம் கேட்ட கேள்வி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கிளிநொச்சியில் அக்கா வீட்டிலிருந்தபடி யாழ்ப்பாணப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அத்தானுக்குக் குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயல். வாய்க்காலின் கடைசி வயல். தண்ணீர் குளத்து மதகான துருசிலிருந்து புறப்பட்டு, மற்ற எல்லாரையும் நனைத்த பிறகுதான் அங்கே வரும். மாரிக் காலபோகத்தில் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. கோடைச் சிறுபோகத்தில் எல்லாமே அதுதான்.

அந்த வருடம் மழை பிந்தி, குளம் பாதிகூட நிறையவில்லை. எந்த நாளில் துருசு திறப்பது, எவ்வளவு நிலத்தில் விதைப்பது என்று கமக்காரர் கூடிக் கைதூக்கித் தீர்மானிக்கும் சிறுபோகக் கூட்டம் கமக்காரர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. அரசாங்கத்தின் காரியாதிகாரி நடுக்கதிரையில் இருந்தார். பக்கத்தில் நீர்ப்பாசன இஞ்சினியர். அவர் ஒரு கடதாசியைப் பார்த்து, இந்தத் தண்ணீர் பாதி நிலத்துக்குத்தான் காணும், துருசுக்குக் கிட்டிய மேல்வயல்களை மட்டும் எல்லாருக்கும் பங்கு பிரித்து விதைப்பதே நல்லது என்று தணிந்த குரலில் வாசித்தார். பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து சங்கத் தலைவர் எழுந்தார். அவருடைய வயல் துருசுக்குப் பக்கத்தில். குடாநாட்டில் தேர்தல் மேடைகளில் பேசிப் பழகிய மனிதர். சால்வையைத் தோளில் சரிசெய்துவிட்டு, யாரையும் விளிக்காமல் தொடங்கினார்.

"இந்தக் காட்டை வெட்டியது யார்?"

சற்றுப் பொறுத்து, தாமே சொன்னார்: "நாம்."

"கட்டைகளைக் கிளறிப் பிடுங்கியது யார்? நாம்."

"காய்ச்சலில் கிடந்து நடுங்கியது யார்?"

இந்த முறை அவர் விடை சொல்லவில்லை. வாயைத் திறந்து அப்படியே நின்றார். அந்த இடைவெளிக்குள் கட்டடம் முழுவதும் "நாங்கள்!" என்றது.

"அப்படியானால், இந்தத் தண்ணீர் யாருடைய தண்ணீர்?"

"எங்கடை!"

"நம்முடைய தண்ணீரை அளந்து தர இன்னொருவர் வேண்டுமா?"

"வேண்டாம்!"

முழு நிலத்திலும் விதைப்பது என்று கைகள் உயர்ந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை. உயர்ந்த கைகளில் அத்தானுடையதும் ஒன்று. முழு நிலமும் விதைத்தால் முதலில் காயப்போவது அவருடைய வயல்.

தீர்மானத்தில் ஒப்பம் வைக்கக் காரியாதிகாரி மறுத்துவிட்டார். நீர்ப்பாசனப் பகுதி உடன்படாமல் தன்னால் முடியாது, அடுத்த கிழமை திரும்பக் கூடுவோம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா குசினி வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்களும் கையைத் தூக்கினீங்களாம்?"

"ஓம்."

"ஏன்?"

"எல்லாரும் தூக்கினவை."

"எல்லாற்றை வயலும் கடைசியிலயோ கிடக்கு? தம்பி, அந்த மனுசன் அப்பிடி என்ன பேசினது? வாசி பாப்பம்."

குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். ஒரே சொல் திரும்ப வந்தால் 'மேற்படி' என்பதற்கு இரண்டு கோடு போட்டுவிடுவது என் வழக்கம். பத்திரிகையில் இடம் குறைவு. ஒருவர் ஒன்றை ஐந்து தரம் சொன்னாலும் அச்சில் ஒரு தரம்தான். வாசித்தேன்: "காடு வெட்டியது யார், நாம். கட்டை பிடுங்கியது, மேற்படி. காய்ச்சல், மேற்படி."

"இதுக்கோ கை தூக்கினது?" என்றாள் அக்கா. "அவர் சொன்ன மாதிரிச் சொல்லு."

எழுந்து நின்று, தலைவரின் குரலிலேயே சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். "காய்ச்சலில் கிடந்து நடுங்கியது யார்?"

"நாங்கள்," என்றார் அத்தான்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பொய் ஒண்டும் சொல்லேல்லையே அந்தாள்," என்றார்.

உண்மைதான். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடைதான் இருந்தது. அந்த விடை எல்லாருக்கும் தெரிந்தது; சொல்லப் பெருமையானது. முதல் இரண்டு தரம் விடையைத் தந்து பழக்கினார், மூன்றாம் தரம் அதைக் கூட்டத்தின் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். தன் வாயால் சொன்ன பிறகு அது அவரவர் சொந்தக் கருத்தாகிவிட்டது. கூட்டத்துக்கு வந்த கேள்வி, தண்ணீர் எவ்வளவு என்பது. அதை அவர் யாருடையது என்று மாற்றியதை ஒருவரும் காணவில்லை. நானும் காணவில்லை. அந்த இடத்தில் என் பென்சில் நின்றுபோயிருந்தது. அடுத்த வரி வெறுமையாகக் கிடந்தது.

விடிந்ததும் ஒரு பேச்சு எழுதத் தொடங்கினேன். அத்தான் பேசுவதற்கு. "கடைசி வயல் வயலில்லையா? கடைசி வயலில் வியர்வை சிந்தவில்லையா?" என்று அடுக்கினேன். அத்தான் அதை மனனம் செய்யப் பார்த்தார். வரம்பில் நின்று மாடுகளுக்குச் சொல்லிப் பார்த்தாராம், மாடுகளும் நம்பவில்லையாம். மூன்றாம் நாள் கடதாசியைத் திருப்பித் தந்தார். கிழமை முழுவதும் நானும் அவரும் நிலைகொள்ளாமல் திரிந்தோம். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். கூடவோ குறையவோ இல்லை. ஆனாலும் மாலையில் திரும்பப் போவார்.

இரண்டாம் கூட்டத்தில் தலைவர் பழைய கேள்விகளையே கேட்டுமுடித்து அமர்ந்தார். அத்தான் எழுந்தார். சால்வை இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்வாங்கைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி எத்தினையாம் நாள் வந்து சேரும்?"

தலைவர் எழும்பாமலே கேட்டார்: "வராது என்று யார் சொன்னது?"

சிரிப்பு எழுந்தது. அத்தான் அது அடங்கும்வரை நின்றார்.

"கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி எத்தினையாம் நாள் வந்து சேரும்?"

"ஐசே, இரும்," என்று யாரோ சொன்னார்கள். காரியாதிகாரி பேனையைத் திறந்து மூடினார். இனி அத்தான் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

"கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி எத்தினையாம் நாள் வந்து சேரும்?"

சொல் மாறவில்லை, குரலும் உயரவில்லை. விடை வரும்வரை உட்காரப்போவதில்லை என்று எல்லாருக்கும் விளங்கியது. தலைவரின் கேள்விகளுக்குள் விடை இருந்தது. இந்தக் கேள்விக்குள் விடை இல்லை. அதை யாராவது கொண்டுவந்து வைக்கவேண்டும். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. கடைசி வயல்காரர் இன்னொருவர்.

"போன சிறுபோகம் எனக்கு வரவேயில்லை."

"எனக்கு ஒருக்கா வந்தது. காலும் நனையேல்லை."

"எனக்கும் வரேல்லை."

இஞ்சினியர் தம் கடதாசியைத் திரும்ப எடுத்தார். இந்தத் தரம் பின் வாங்கில் ஒருவரும் கதைக்கவில்லை. பாதி நிலம், மேல்வயலில் பங்கு என்பதற்குக் கைகள் எழுந்தன. போன கிழமை எழுந்த அதே கைகள். தண்ணீரின் அளவும் அதேதான். இவர்கள் யோசித்துத் தூக்கினார்களா, அல்லது மூன்று தரம் கேட்டதில் தாமாக எழுந்தனவா? பக்கத்தில் இருந்த நான் இன்றும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அத்தானுக்கு விழுந்த பங்கு, தலைவருடைய வயலை ஒட்டிய ஒன்றரை ஏக்கர். துருசு திறந்த அன்று பத்திரிகையைக் கொண்டுபோய்க் காட்டினேன். செய்தி நாலே வரி. 'கடைசி வாய்க்காலுக்கு நீர் கிடைக்குமா என விவசாயி ஒருவர் வினவினார்.' அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நான் மூண்டு தரமெல்லே கேட்டனான்? ஒருக்காத்தான் போட்டிருக்கிறீர்."

"ஒருக்காப் போட்டாக் காணும், அத்தான்."

"ஒருக்காக் கேட்டிட்டு இருந்திருந்தா நான் இண்டைக்கு இந்த வரம்பிலை நிண்டிருக்கமாட்டன்," என்றார். பத்திரிகையை மடித்து என்னிடம் தந்துவிட்டு, வாய்க்காலை வெட்டித் தண்ணீரை உள்ளே திருப்பினார்.