மயக்கம் குடுக்க முதல் மச்சாள் சொன்ன பதில்

எங்கட மச்சாள் கமலாம்பிகையைப் பற்றிச் சொல்லுறதெண்டால் முதல் அவவின்ர குரலைத்தான் சொல்லவேணும். கனடாவில, மில்லிக்கனில ஒரு கலியாண ஹோல். ஹோல் நிறையச் சனம், மைக் வேலை செய்யேல்லை. மச்சாள் பந்திப் பக்கம் நிண்டு "சாம்பார் இஞ்சால வரேல்லை" எண்டு ஒரு சத்தம் வைச்சா. மணவறையில மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த ஐயரே திரும்பிப் பாத்தார். நான் அவவின்ர மனிசன் தில்லையம்பலத்தின்ர தங்கச்சி, விட்பியில இருக்கிறன். மச்சாளோட நான் கொழுவிச் சண்டை பிடிக்காத வருசம் இல்லை. எண்டாலும் வேற ஆரும் அவவைக் குறைவாய்க் கதைச்சால் எனக்குப் பொல்லாத கோவம் வரும்.

தமிழில அப்பிடி முழங்கிற மனிசி, இங்கிலீசெண்டால் வாயைத் திறக்கமாட்டா. பாங்க், பள்ளிக்கூடம், டொக்டர், எங்க போனாலும் பதில் சொல்லுறது அண்ணைதான். அவவின்ர முகத்தைப் பாத்து "ஹவ் ஆர் யூ" எண்டு கேட்டாலும் அண்ணை முந்திக்கொண்டு "ஷீ இஸ் ஃபைன்" எண்டிடுவார். எங்கட ஆக்களில இது புதினமில்லை. மனிசிக்கு வருத்தம் என்னெண்டு மனிசன்தான் சொல்லவேணும் எண்டு ஒரு எழுதாத சட்டம்.

தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டுக் குளிரோட அந்தக் குரல் கெட்டுப்போச்சு. கரகரத்து, ஆம்பிளைக் குரல் மாதிரி வந்திட்டுது. குளிர் எண்டம். முகம் ஊதிச்சுது, உடம்பு வைச்சுது. இஞ்சத்தச் சாப்பாடு எண்டம். ஃபக்ரரியால வரேக்க பஸ்ஸில நித்திரையாகி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனா. வேலைக் களைப்பு எண்டம். புருவத்தின்ர வெளிப்பக்கம் கொட்டுண்டு போச்சு. அதுக்கு ஒஷாவாவில இருக்கிற எங்கட சொந்தக்காரி ஒருத்தி, "இந்த வயசில கமலாக்கா பார்லருக்குப் போய்ப் புருவம் எடுக்கிறாவாம்" எண்டு கதை கட்டிவிட்டா. ஆடி மாசம் சுவெட்டர் போட்டுக்கொண்டு இருந்த மனிசியைப் பாத்தும் எங்களில ஒருத்தருக்கும் மண்டையில தட்டேல்லை. கனடாவுக்கு வந்த சனம் எல்லா வருத்தத்துக்கும் குளிரில பழியைப் போட்டுப் பழகிப்போச்சு.

பிறகு வயித்துக்குத்து தொடங்கிச்சுது. எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் வலது பக்கம் பிடிச்சுக்கொண்டு சுருண்டு படுத்திடுவா. ஸ்கான் எடுத்துப் பாத்தால் பித்தப்பையில கல்லு. ஒப்பரேசன் செய்யவேணும் எண்டிச்சினம். சித்திரையில நாள் கிடைச்சுது. மகள் சிவானிக்கு ஆனியில கலியாணம். அண்ணை பஞ்சாங்கத்தைப் பிரட்டி, நல்ல நாள்தான் எண்டு திருப்திப்பட்டார். எல்லாருக்கும் நிம்மதி. கலியாணத்துக்கு முதல் மச்சாள் எழும்பி நடப்பா எண்டதுதான் எங்களுக்குப் பெரிய விசயமாய் இருந்தது.

ஒப்பரேசனுக்கு முதல், மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் ஒருக்காப் பாக்கவேணுமாம். அண்ணையையும் மச்சாளையும் நான்தான் காரில கூட்டிக்கொண்டு போனனான். டொக்டர் ஒரு வெள்ளைக்காரி, ஆறுதலாய்க் கதைக்கிற மனிசி. களைப்பு இருக்கோ எண்டு கேட்டா. "நோ, நோ" எண்டார் அண்ணை. குரல் எப்பவும் இப்பிடியோ? "ஒன்லி கோல்ட்", வெறும் குளிராம். நித்திரை? "வெரி குட்." அண்ணைக்கு ஒரே ஒரு பயம், எதையாவது சொல்லப்போய் ஒப்பரேசன் நாளை மாத்திப்போடுவினமோ எண்டு. எனக்கு அவற்ர காலை மிதிக்கவேணும் போல இருந்தது.

டொக்டர் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு மச்சாளின்ர கையைப் பிடிச்சு நாடி பாத்தா. கன நேரம் பிடிச்சுக்கொண்டிருந்தா. பிறகு மச்சாளிட்டையே திரும்பி, "நீங்க சொல்லுங்கோ" எண்டா.

அண்ணை வாயைத் திறந்தார். மச்சாள் கையை உயத்தினா, பந்தியில சாம்பார்காரனை மறிக்கிற அதே கை. "டொக்டர். ஐ கோல்ட். ஜூலை கோல்ட். பஸ் ஸ்லீப், வேர்க் ஸ்லீப், குக்கிங் ஸ்லீப். பிஃபோர் பிக் வொய்ஸ். நவ் நோ வொய்ஸ்."

பத்து வருசமாய் நான் கேக்காத இங்கிலீசு.

அந்த டொக்டர் கதிரையை இழுத்துக் கிட்ட இருந்தா. புருவத்தைப் பாத்தா. கழுத்தைத் தடவிப் பாத்தா. மச்சாளைக் கதிரையில முழந்தாளில நிக்கவைச்சு, குதிக்கால் நரம்பில சின்னச் சுத்தியலால தட்டினா. பாதம் துள்ளிச்சுது, ஆனா திரும்பி வர அலுப்புப் பட்டுக்கொண்டு மெல்லமாய் வந்தது. "தைரொய்ட்" எண்டா. கழுத்தில இருக்கிற சுரப்பி வேலை செய்யிறது காணாதாம். உடனை ரத்தம் எடுக்க அனுப்பினா. ஒப்பரேசன் நாளை மாத்தத்தான் வேணும் எண்டும் சொல்லிப்போட்டா.

அண்ணைக்கு வந்த கோவத்தைப் பாக்கவேணும். "கல்லுக்கு வந்தனாங்கள், கழுத்தைப் பாக்கினம்" எண்டு தமிழில பொரிஞ்சார். டொக்டர் அவருக்கு விளக்கமாய்ச் சொன்னா, நான் தமிழில சொன்னன். "இவவை நித்திரையாக்கிறது லேசு. எழுப்பிறதுதான் பாடு. சுரப்பி படுத்திருக்கேக்க மயக்க மருந்தும் நோவுக்குக் குடுக்கிற மருந்தும் கொஞ்சம் குடுத்தாலே கூடுதலாய்ப் பிடிக்கும். இதயம் இன்னும் மெல்லமாகும், உடம்பு குளிரும், மூச்சு விட மறந்துபோகும். முழிக்காமலே போகலாம். சுரப்பி அளவுக்கு மிஞ்சி ஓடினாலும் ஆபத்துத்தான், அதில இதயம் தறிகெட்டு ஓடி, காய்ச்சல் கொதிச்சு ஆள் தப்புறது கஷ்டம். அவசரமெண்டால் எப்பிடியும் காவல் வைச்சுச் செய்வம். இந்தக் கல்லு பொறுக்கக்கூடியது. முதல் சுரப்பியைச் சரிப்படுத்துவம்."

காரில வரேக்க நான் மச்சாளைக் கேட்டன், ஒப்பரேசன் நாள் தள்ளிப்போகுமெண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள் எண்டு.

"ஓம். குத்தெண்டால் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கலாம். நான் மயக்கத்தால எழும்பாட்டி சிவானிக்குத் தாலி கட்டேக்க பக்கத்தில ஆர் நிக்கிறது? உவரோ?"

பின் சீற்றில இருந்த உவர், என்ர அண்ணை, யன்னலால வெளிய பாத்துக்கொண்டு வந்தார்.

ரத்தத்தில அதேதான் வந்தது. தைரொய்ட் மருந்துக் குளிசை துவங்கிச்சினம். இதயம் திடுக்கிடக்கூடாதெண்டு முதல் சின்னன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டி, இடையிடையில ரத்தம் எடுத்து. விடிய வெறும் வயித்தில குளிசை, தேத்தண்ணி பிறகுதான். தேத்தண்ணி இல்லாமல் கண் திறக்காத மனிசி ஒருநாளும் அதைத் தவறவிடேல்லை. கல்லு வேற உள்ளுக்கை. கலியாணத்துக்கு வடையும் முறுக்கும் தானே சுட்டா, தான் ஒண்டும் வாயில வைக்கேல்லை, அவிச்ச இடியப்பமும் தண்ணிச் சொதியும்தான். இரண்டு தரம் குத்து வந்து சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை நான் பாத்தன். தாலி கட்டேக்க சிவானிக்குப் பக்கத்தில நிண்டா. பந்தியில சத்தம் வைச்சா, பழைய குரலில பாதி வந்திருந்தது. அதைக் கேட்டு நான் ஒரு மூலைக்குள்ள போய் அழுதனான், வெக்கமில்லாமல் சொல்லுறன்.

இலை கொட்டுற காலம் ரத்தம் சரியாய் வந்தது. அதே டொக்டர்தான் மயக்கம் குடுத்தா. அண்டைக்கு விடிய, "ஒண்டும் சாப்பிடக்கூடாதெண்டவை, குளிசையும் வேண்டாம்" எண்டு அண்ணை தடுத்தாராம். "குளிசை மட்டும் ஒரு மிடறு தண்ணியோட போடச் சொன்னவை, நான்தான் கேட்டனான்" எண்டு சொல்லிப் போட்டுக்கொண்டு போனாவாம்.

ஒப்பரேசன் முடிஞ்சு வார்ட்டுக்குக் கொண்டுவந்தினம். டொக்டரும் கூட வந்தவ. பேரைச் சொல்லிக் கூப்பிட்ட உடனேயே கண்ணைத் திறந்திட்டாவாம், அதைச் சொல்லேக்க அந்த மனிசிக்கே சிரிப்பு. பிறகு குனிஞ்சு, "ஹவ் ஆர் யூ, கமலா?" எண்டு கேட்டா.

பழக்கதோஷம், அண்ணை "ஷீ இஸ்" எண்டு துவங்கினார்.

"கேட்டது என்னை" எண்டா மச்சாள். அந்தப் பழைய குரல், முழுசாய். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பாத்தா. அண்ணை வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

"ஐ ஆம் ஃபைன், டொக்டர்" எண்டா எங்கட மச்சாள்.