மூன்றாம் பாயின்டின் மறுபாதி

கோட்டாறில் ஒரு மாடி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மியூச்சுவல் ஃபண்ட், வங்கி வைப்பு, காப்பீடு என்று ஊராரின் சேமிப்புக்கு வழி சொல்லும் இடம். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குளச்சல் வியாபாரிகள் என்று வாடிக்கையாளர்கள் நிறையப் பேர். மத்திய வங்கி வட்டிக் கொள்கையை அறிவிக்கும் நாளில் அவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு போகும். அதை எழுதுவது நான்.

காலை பத்து மணிக்கு ஆளுநர் பேச ஆரம்பிப்பார். பேச்சைக் கேட்டுக்கொண்டே, இணையத்தில் ஏறும் அறிக்கையையும் படித்து, அத்தனை பக்கத்தையும் தமிழில் ஐந்து பாயின்டாகச் சுருக்க வேண்டும். மற்ற அலுவலகக்காரர்கள் அனுப்புவதற்குள் நம்முடையது போய்விட வேண்டும். ஆங்கிலத்தில் வளைத்து வளைத்துச் சொன்னதை நான் நேராகச் சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

முதலாளிக்கு ஒரு வழக்கம். நான் எழுதியதை வாங்கி, ஒவ்வொரு பாயின்டையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசிப்பார். மூச்சு முட்டினால் அந்த பாயின்ட் தேறாது. சோதனை நல்ல சோதனைதான், பல தடவை என் வளவளப்பைக் குறைத்திருக்கிறது.

அன்றைக்கு ரெப்போ விகிதத்தை, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, குறைத்திருந்தார்கள். முதல் பாயின்ட் அது. வீட்டுக் கடனில் மிதக்கும் வட்டி வைத்திருப்பவர்களுக்கு அடுத்து வட்டியை மாற்றும் தேதியில்தான் பலன் தெரியும், தவணையே குறையாமல் கடன் காலம் மட்டும் குறையவும் கூடும் என்பது இரண்டாவது. வட்டிக் கொள்கையின் நிலைப்பாட்டை நடுநிலைக்கு மாற்றியிருந்தார்கள். இனி ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம், வாக்குறுதி எதுவும் இல்லை என்று நான்காவதாக எழுதினேன். அந்த வரியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்தாவது விலைவாசி.

மூன்றாவது வைப்புகளைப் பற்றியது. அறிக்கையில் வைப்பைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ரெப்போ குறைந்தால் வங்கிகள் கொஞ்ச நாளில் வைப்பு வட்டியையும் குறைப்பது வழக்கம் என்பதால் நானாகச் சேர்த்தது. இப்படி எழுதியிருந்தேன்: "இனிமேல் போடும் வைப்புகளுக்கு வட்டி குறையலாம், ஏற்கெனவே போட்ட வைப்புகளுக்கு முதிர்வு வரை பழைய வட்டியே தொடரும்."

முதலாளிக்குப் பாதியில் மூச்சு முட்டியது.

"ரெண்டு விசயமாட்டு கெடக்கே மக்கா. ஒண்ண வெட்டு. குறையலாம் கிறையலாமெல்லாம் வேண்டாம்."

"பழைய வைப்ப ஒடச்சிரப் போறாங்க சார்."

"போட்ட வட்டி மாறாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

நான் மறுத்துப் பேசியிருக்கலாம். அவர் கேட்காதவர் இல்லை. ஆனால் வெட்டிப் பார்த்தபோது வரி அழகாக நின்றது. "வைப்பு வட்டி குறையப் போகிறது, இப்போதைய வட்டியை உடனே உறுதி செய்துகொள்ளுங்கள்." ஒரே மூச்சு. அனுப்பிவிட்டேன். வாட்ஸ்அப்பில் பாராட்டுக் கட்டை விரல்கள் வந்து குவிந்தன.

எங்கள் சபையில் ஓர் அக்கா இருக்கிறார். வளைகுடாவில் பல வருடம் நர்ஸாக இருந்து திரும்பியவர், எல்லாருக்கும் நர்ஸக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாதித்ததை வங்கியில் வைப்பாகப் போட்டு, மாதாமாதம் வரும் வட்டியில்தான் வீடு நடக்கிறது. வட்டி நன்றாக இருந்த காலத்தில் போட்டது அது. முதிர இன்னும் நாள் கிடந்தது. என் குறிப்பு அவருக்கும் போகும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நர்ஸக்கா என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். நேந்திரங்காய் வற்றல், அவரே பொரித்தது.

"ஒனக்காட்டு கொண்டு வந்தேன். நல்ல நேரத்துல சொன்ன மக்கா. வட்டி குறையுமுன்ன பேங்குக்குப் போயி பழசை ஒடச்சு, இப்பத்த வட்டிக்குப் புதுசாட்டு போட்டாச்சு. அஞ்சு வருசத்துக்கு."

பழைய வட்டி புதியதைவிட அதிகம். போதாததற்கு, இடையில் உடைத்ததற்கு அபராதமும் பிடித்திருப்பார்கள். இனி அந்த அஞ்சு வருடமும் மாதாமாதம் குறைவாகத்தான் வரும்.

"பேங்குல ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"கவுண்டர்ல இருந்த பையன், ஒடச்சா நட்டம் அம்மா, வேண்டாம்னான். ஒனக்க மெசேஜக் காட்டினேன். எங்க சபைப் பிள்ளை, இதுலதான் வேலையே, அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்னு கேட்டேன். பேசாம பாரத்துல ஒப்பு வாங்கிட்டான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வற்றலுக்கு நன்றி மட்டும் சொன்னேன். அவர் விட்டிருந்தால் அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் விடவில்லை. "பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பணமும் அதே பேங்குலதான் கெடக்கு. நாளைக்கு அதையும் ஒடைக்கணும். இன்னைக்குக் கூட்டத்துல சொல்லப்போறேன்."

ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எடுத்துக் கொடுக்கிற பணம் அது. சொன்னேன். போட்ட வைப்பின் வட்டி மாறாது, உடைத்தது நட்டம், என் குறிப்பில் பாதிதான் இருந்தது என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

நர்ஸக்கா இரண்டே கேள்வி கேட்டார்.

"பழைய வட்டிக்கே திருப்பிப் போட முடியுமா?"

"முடியாதுக்கா."

"மத்தப் பாதி ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். நீளமா இருக்குன்னு வெட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அப்போ அதையும் எழுதிட்டு சாயங்காலம் கூட்டத்துக்கு வா. நீயே வாசி," என்றார்.

முதலாளிக்கு உடனே போன் செய்து திருத்தம் அனுப்ப வேண்டும் என்றேன். அவரும் பதறித்தான் போனார். ஆனால் "திருத்தம்னு போட்டா ஆளுவ நம்மள நம்பமாட்டாங்க மக்கா," என்றார். "கூடுதல் தகவல்" என்று தலைப்பு வைத்து அனுப்பினோம். தலைப்பை எழுதியதும் நான்தான். அதற்கும் கட்டை விரல்கள் வந்தன.

சாயங்காலம் சபைக் கூடத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு காகிதத்தை வாசித்தேன். போட்ட வைப்பை உடைக்க வேண்டாம், முதிர்வு வரை பழைய வட்டி கிடைக்கும், முதிர்ந்த பிறகு புதிதாகப் போடும்போதுதான் புது வட்டி. எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது. இவ்வளவு லேசான விசயத்துக்கு அறிவிப்பு எதற்கு என்பதுபோல் சிலர் பார்த்தார்கள். சங்கத்துப் பணத்தைத் தொடவேண்டாம் என்று முடிவாயிற்று.

அப்போது சங்கத்தின் பொருளாளராக இருக்கும் மாமி நர்ஸக்கா பக்கம் திரும்பினார். "அப்போ நீ என்னத்துக்கு ஒடச்ச? இவ எழுதினதப் பாத்துட்டுதான் போறேன்னு சொன்னியே."

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"அவ சரியாட்டுதான் எழுதியிருந்தா," என்றார் நர்ஸக்கா. "அவசரத்துல நான்தான் முழுசும் வாசிக்கல்ல."

மாமி தலையில் அடித்துக்கொண்டு, "இத்தன நாளு வெளிநாட்டுல இருந்து என்னத்தப் படிச்ச," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸக்காவும் சேர்ந்து சிரித்தார். நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.